2.2-க்கு அடுத்து ஏன் 2.4? நீண்ட அறிக்கையில் தலைப்பு எண்கள் வழிதவறுவது எப்படி

நீண்ட அறிக்கையில் தலைப்பு எண்கள் தப்பாக வரும்போது இரண்டு விளக்கங்கள் வழக்கமாகக் காதில் விழும். "வேர்டுக்கு ஒழுங்கா எண்ணத் தெரியாது" என்பது ஒன்று. "ஃபைல் கெட்டுப்போச்சு, புதுசா ஆரம்பி" என்பது இன்னொன்று. அப்புறம் ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் சொல்வார்கள்: எண்ணின் மேல் வலது கிளிக் செய், "Restart at 1" கொடு, சரியாகிவிடும். சரியாகும்தான். ஆனால் அடுத்த தலைப்பைச் சேர்த்ததும் வேறொரு இடத்தில் கோளாறு கிளம்பும்.

வேர்டின் எண்ணும் முறை மிக எளியது. அதைப் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். புரிந்துவிட்டால், தப்பான எண்ணைப் பார்த்ததுமே அது எந்த வகைத் தப்பு என்று சொல்லிவிட முடியும். இந்தக் கட்டுரை மைக்ரோசாஃப்ட் வேர்டை வைத்து எழுதப்பட்டது. 1, 1.1, 1.1.1 என்று அடுக்கடுக்காக எண் போடுகிறவர்களுக்கானது.

முதலில் நோயாளியைப் பார்த்துவிடுவோம். ஐந்து இயல்கள் கொண்ட ஓர் அறிக்கை. மூன்று பேர் தனித்தனியாக எழுதி, ஒருவர் ஒரே கோப்பில் சேர்த்திருக்கிறார். சேர்த்து முடித்ததும் பொருளடக்கம் இப்படி வந்து நின்றது:

```
1     அறிமுகம்
1.1   நோக்கம்
1.2   எல்லை
2     தரவு சேகரிப்பு
2.1   இடங்கள்
2.2   கருவிகள்
2.4   பிழை அளவு
3     ஆய்வு முறை
3.1   மாதிரி தேர்வு
3.2   கணக்கீடு
1     முடிவுகள்
1.1   முதல் கட்டம்
1.2   இரண்டாம் கட்டம்
4     பரிந்துரைகள்
4.1   உடனடிப் பணிகள்
```

2.3-ஐக் காணோம். நான்காம் இயல் 1 என்று ஆரம்பிக்கிறது. ஐந்தாம் இயலுக்கு 4 விழுந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கோளாறுகள். உண்மையில் இரண்டுதான், ஏன் என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

## அந்த எண் எங்கேயும் எழுதப்படவில்லை

முதலில் விட வேண்டிய எண்ணம் இது: "2.1 இடங்கள்" என்ற வரியில் 2.1 என்று எழுதியிருக்கிறது என்று நினைப்பது. அந்த வரியில் "இடங்கள்" மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. கர்சரை அந்த 2.1-க்குள் வைக்க முயன்று பாருங்கள், உள்ளே போகாது. அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே போனாலும் 2.1-ஐத் தாண்டிக் குதித்து முந்தைய வரிக்குப் போய்விடும்.

வேர்ட் சேமித்து வைத்திருப்பது "இது ஓர் இரண்டாம் அடுக்குத் தலைப்பு" என்ற குறிப்பை மட்டுமே. எண்ணை, ஆவணத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, திரையில் காட்டும்போது போடுகிறது. நடுவில் ஒரு தலைப்பைச் செருகினால் கீழே உள்ளவை எல்லாம் தாமாக நகர்வது அதனால்தான். எண் தப்பாக வந்தால் அந்த வரியில் எதையும் திருத்த முடியாமல் போவதும் அதனால்தான். திருத்துவதற்கு அங்கே எழுத்தே இல்லை.

## கையில் நோட்டுடன் ஒருவர்

ஒரு பெரிய கட்டடத்தில் அறைகளுக்கு எண் போட ஒருவரை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு நோட்டு. அதில் மூன்று கட்டங்கள்: தளம், அறை, அலமாரி. மூன்றிலும் இப்போது பூஜ்யம்.

வாசலிலிருந்து நடக்கத் தொடங்குகிறார். "தளம்" என்ற பலகையைக் கண்டால் முதல் கட்டத்தில் ஒன்றைக் கூட்டுகிறார். வலப்பக்கம் உள்ள இரண்டு கட்டங்களையும் அழித்துப் பூஜ்யமாக்குகிறார். "அறை" என்ற பலகையைக் கண்டால் நடுக் கட்டத்தில் ஒன்றைக் கூட்டி, கடைசிக் கட்டத்தை மட்டும் அழிக்கிறார். "அலமாரி" என்றால் கடைசிக் கட்டத்தில் ஒன்றைக் கூட்டுகிறார், வேறெதையும் தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் நோட்டில் அப்போது இருக்கும் எண்களைப் புள்ளி வைத்துச் சேர்த்து அந்தப் பலகையில் ஒட்டிவிட்டு மேலே போகிறார்.

தலைப்பு எண் போடும் முறை முழுவதும் இவ்வளவுதான். தளம் என்ற இடத்தில் இயல், அறை என்ற இடத்தில் பிரிவு, அலமாரி என்ற இடத்தில் உட்பிரிவு என்று வைத்துப் பாருங்கள்:

```
இயல்        → 1 0 0   → 1
பிரிவு       → 1 1 0   → 1.1
உட்பிரிவு    → 1 1 1   → 1.1.1
உட்பிரிவு    → 1 1 2   → 1.1.2
பிரிவு       → 1 2 0   → 1.2
இயல்        → 2 0 0   → 2
பிரிவு       → 2 1 0   → 2.1
```

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். இயல் 2 வந்ததும் நடுக் கட்டம் அழிந்தது. அதனால்தான் அடுத்த பிரிவு 2.3 ஆகாமல் 2.1 ஆயிற்று. "மறுபடி 1-லிருந்து தொடங்குவது" என்பது தனியாக நடக்கும் வேலை இல்லை. மேல் அடுக்கு ஒன்று கூடும்போது கீழ் அடுக்குகள் அழிவதன் விளைவு அது.

நோட்டுக்காரருக்குத் தலைப்பின் பொருள் தெரியாது. பலகையின் வகை மட்டும்தான் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு பலகை இருந்தாலும் அதற்கும் ஓர் எண்ணைச் செலவழித்துவிட்டுத்தான் போவார். பிரிவுப் பலகையே வைக்காமல் இயலுக்கு அடுத்து நேராக உட்பிரிவுப் பலகையை வைத்தால் அதையும் கேள்வி கேட்க மாட்டார். இல்லாத பிரிவுக்கும் ஓர் இலக்கம் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

இதுவரை பார்த்தது: எண் சேமிக்கப்படுவதில்லை, எண்ணப்படுகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கட்டம். ஒன்று கூடினால் அதன் வலப்பக்கம் அழியும்.

## மூன்று சொற்கள்

இனி வேர்டின் சொற்களுக்கு வருவோம். மூன்று போதும்.

ஸ்டைல் என்பது ஒரு பத்திக்கு நாம் மாட்டும் பெயர்ச்சீட்டு. Heading 1, Heading 2, Heading 3 ஆகியவை வேர்டிலேயே இருக்கும் தலைப்பு ஸ்டைல்கள். நோட்டுக்காரர் பார்க்கும் பலகை இதுதான். எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, தலைப்பு மாதிரி காட்டினால் அது ஸ்டைல் ஆகாது. நோட்டுக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

நிலை என்பது எத்தனையாவது அடுக்கு என்பது. வேர்டில் ஒன்பது நிலைகள் வரை உண்டு.

பட்டியல் என்பதுதான் நோட்டு. எந்த நிலைக்கு எந்த ஸ்டைல், எண் எந்த வடிவில் வர வேண்டும், எது கூடினால் எது அழிய வேண்டும் என்ற விதிகளும் இதில்தான் இருக்கின்றன. பட்டியல் என்றதும் புள்ளி வைத்து வரிசையாக எழுதும் குறிப்புகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேர்டின் கணக்கில், 80 பக்கத்தில் சிதறிக் கிடக்கும் தலைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே பட்டியல்தான். நடுவே எவ்வளவு பத்தி வந்தாலும் சரி, படமும் அட்டவணையும் வந்தாலும் சரி.

## ஒரு கட்டடம், இரண்டு நோட்டுகள்

இப்போது அதே கட்டடத்துக்கு இரண்டு பேரை அனுப்பிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பலகைகளுக்கு ஒருவர் எண் போடுகிறார், நீலப் பலகைகளுக்கு இன்னொருவர். இருவரிடமும் தனித்தனி நோட்டு. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்ப்பதில்லை. பச்சைக்காரர் மூன்றாம் தளம் வரை போட்டிருக்கிறார். நான்காவதாக ஒரு நீலப் பலகை வருகிறது. நீலக்காரருக்கு அதுதான் முதல் பலகை. 1 என்று ஒட்டுகிறார். அடுத்து வரும் ஐந்தாவது பலகை பச்சை. பச்சைக்காரர் கடைசியாகப் போட்டது 3. ஆகவே 4 என்று ஒட்டுகிறார்.

நம் பொருளடக்கத்தில் நடந்தது அப்படியே இதுதான். நான்காம் இயல் 1 ஆனதும், ஐந்தாம் இயல் 4 ஆனதும் இரண்டு கோளாறுகள் இல்லை. நான்காம் இயல் வேறொரு பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். அந்த இயலைச் சரியான பட்டியலுக்குக் கொண்டுவந்தால் ஐந்தாம் இயல் தானாகவே 5 ஆகிவிடும். அதைத் தொடக்கூட வேண்டாம்.

சரி, Heading 1 என்ற ஒரே ஸ்டைலில் இருக்கும் இரண்டு தலைப்புகள் எப்படி இரண்டு பட்டியலில் இருக்க முடியும்? பலரும் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

.docx கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் உள்ளே document.xml என்று ஒன்று இருக்கும். ஒழுங்காக இருக்கும் ஒரு பிரிவுத் தலைப்பின் குறிப்பு அதில் இப்படி இருக்கும்:

```
<w:pPr>
  <w:pStyle w:val="Heading2"/>
</w:pPr>
```

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நான் Heading 2" என்று மட்டும் சொல்கிறது. எந்தப் பட்டியல், எந்த நிலை என்பதெல்லாம் அந்த ஸ்டைலுக்குத் தெரியும். இப்போது வேறு கோப்பிலிருந்து ஒட்டப்பட்ட ஒரு தலைப்பு:

```
<w:pPr>
  <w:pStyle w:val="Heading2"/>
  <w:numPr>
    <w:ilvl w:val="1"/>
    <w:numId w:val="7"/>
  </w:numPr>
</w:pPr>
```

இதுவும் Heading 2-தான். ஆனால் கூடவே ஒரு துண்டுச்சீட்டை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது: "என்னை 7-ஆம் பட்டியலில் எண்ணு." ilvl என்பது நிலை; பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 1 என்றால் இரண்டாம் நிலை. numId என்பது பட்டியலின் அடையாளம். இப்படி ஸ்டைலைத் தாண்டிப் பத்தியிலேயே நேராக ஒட்டப்பட்ட குறிப்புக்கு நேரடி வடிவமைப்பு என்று பெயர். ஸ்டைல் ஒன்று சொல்லி நேரடி வடிவமைப்பு வேறொன்று சொன்னால், நேரடி வடிவமைப்பு சொல்வதுதான் எடுபடும்.

திரையில் இரண்டு தலைப்புகளும் ஒரே எழுத்து, ஒரே அளவு, ஒரே நிறம். ஸ்டைல் பெட்டியிலும் Heading 2 என்றே காட்டும். அதனால்தான் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரிவதில்லை. தலைப்பில் கர்சரை வைத்து, கருவிப்பட்டையில் உள்ள எண் பொத்தானைத் தட்டினாலும் இதே மாதிரித் துண்டுச்சீட்டு ஒட்டிக்கொள்ளக்கூடும். பலருடைய கோப்புகளில் கோளாறு நுழையும் வாசல் அந்தப் பொத்தான்தான் என்பது என் கருத்து. "எண் தப்பா இருக்கே, பொத்தானைத் தட்டிப் பார்ப்போம்" என்பதில் ஆரம்பிக்கிறது.

## ஒரு கிளிக்கில் கண்டுபிடிப்பது

XML-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாம் இயலின் தலைப்பில் உள்ள 3 என்ற எண்ணின் மேலேயே ஒருமுறை கிளிக் செய்யுங்கள். அந்த எண் சாம்பல் நிறப் பின்னணி பெறும். கூடவே, அதே பட்டியலில் அதே நிலையில் இருக்கும் மற்ற எண்களும் ஆவணம் முழுக்கச் சாம்பல் நிறமாகும். இப்போது மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள்.

நம் அறிக்கையில் 1, 2, 3 சாம்பலாகின்றன. "பரிந்துரைகள்" தலைப்பின் 4-உம் சாம்பலாகிறது. "முடிவுகள்" தலைப்பின் 1 மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. நீலப் பலகை அகப்பட்டுவிட்டது.

அதை மீட்க, அந்தத் தலைப்பில் கர்சரை வைத்து Ctrl+Q அழுத்துங்கள். பத்தியில் நேரடியாக ஒட்டப்பட்டவற்றை எல்லாம் நீக்கிவிட்டு ஸ்டைல் சொல்வதற்கே பத்தியைத் திருப்பும் கட்டளை அது. மேலே பார்த்த numPr என்ற துண்டுச்சீட்டு கிழிந்துவிடும். "முடிவுகள்" 4 ஆகும். அந்தக் கணமே "பரிந்துரைகள்" 5 ஆகும், 4.1 என்று இருந்தது 5.1 ஆகும். நான்காம் இயலின் இரண்டு பிரிவுகளுக்கும் இதையே செய்ய வேண்டும். அவையும் நீல நோட்டிலேயே இருக்கின்றன. தலைப்புகள் நிறைய என்றால் Styles பலகத்தில் Heading 2-இன் மேல் வலது கிளிக் செய்து, அந்த ஸ்டைலில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் "Select All" வரியைத் தட்டி, ஒரே Ctrl+Q-வில் முடிக்கலாம். யாராவது தலைப்பைக் கையால் நடுவில் நிறுத்தியிருந்தாலோ இடைவெளியை மாற்றியிருந்தாலோ அதுவும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

Ctrl+Q-வுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதே ஒரு சோதனை. எண் சரியாகிவிட்டால் கோளாறு துண்டுச்சீட்டில் இருந்தது. எண்ணே மறைந்துவிட்டால், உங்கள் ஸ்டைல் எந்தப் பட்டியலோடும் இணைக்கப்படவில்லை. இத்தனை நாளும் துண்டுச்சீட்டுகளால்தான் எண் வந்துகொண்டிருந்தது என்று பொருள். தப்பான எண் அப்படியே நின்றால், ஸ்டைலே வேறு பட்டியலோடு இணைந்திருக்கிறது. பின் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது: எண் திடீரென்று 1-க்குத் திரும்பி, பிறகு பழைய வரிசை தொடர்ந்தால், நடுவில் இருப்பது வேறு பட்டியல். எண்ணைக் கிளிக் செய்தால் யார் எந்தப் பட்டியல் என்பது தெரியும். Ctrl+Q பத்தியை ஸ்டைலின் பட்டியலுக்குத் திருப்பும்.

## 2.3 எங்கே போயிற்று?

இது வேறு வகை. 2.2, 2.4 இரண்டும் ஒரே பட்டியல்தான். கிளிக் செய்தால் இரண்டும் சாம்பலாகும். அப்படியென்றால் நடுவில் யாரோ ஒருவர் 2.3-ஐ வாங்கிக்கொண்டு நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார்.

நம் அறிக்கையில் நடந்தது இது. திருத்தங்களைப் பதிவு செய்யும் Track Changes ஓடிக்கொண்டிருந்தபோது "அளவுத்திருத்தம்" என்ற பிரிவை ஒருவர் நீக்கியிருக்கிறார். மற்றவர்கள் இன்னும் ஏற்காததால் அந்தத் தலைப்பு கோப்பை விட்டுப் போகவில்லை. நீக்கப் பரிந்துரைக்கப்பட்டது என்ற குறியோடு அங்கேயே இருக்கிறது. பார்வை No Markup-இல் இருந்ததால் திரையில் தெரியவில்லை. நோட்டுக்காரர் மட்டும் அதற்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார். Review தாவலில் பார்வையை All Markup-க்கு மாற்றியதும், குறுக்குக் கோடு போட்ட அந்தத் தலைப்பு வெளியே வந்தது. நீக்கத்தை Accept செய்ததும் 2.4 இருந்த இடத்தில் 2.3 வந்தது.

எண் தாண்டுவதற்கு இன்னொரு காரணம், எழுத்தே இல்லாத தலைப்பு. பழைய தலைப்பு ஒன்றின் எழுத்தை மட்டும் அழித்துவிட்டுப் பத்தியை விட்டிருப்போம். அந்த வெற்றுப் பத்தி Heading 2 ஸ்டைலிலேயே இருக்கும். பக்கத்தின் அடியில் ஒரு எண் மட்டும் தனியாக நிற்கும். அவசரத்தில் கண் அதைத் தாண்டிவிடும். வெற்றுத் தலைப்பு பொருளடக்கத்தில் வராது என்பதால் அங்கே வெறும் ஓட்டைதான் தெரியும். Ctrl+Shift+8 அழுத்தினால் பத்திக்குறிகள் எல்லாம் தெரியும். ஓட்டை விழுந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும், ஆவணம் முழுக்கத் தேட வேண்டாம்.

## வலது கிளிக் வைத்தியம் ஏன் நிலைப்பதில்லை

எண்ணின் மேல் வலது கிளிக் செய்தால் மூன்று வாய்ப்புகள் தெரியும்: "Restart at 1", "Continue Numbering", "Set Numbering Value". சாதாரணக் குறிப்புப் பட்டியல்களுக்கு இவை நல்ல கருவிகள். தலைப்புகளுக்கு இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

நம் அறிக்கையில் "முடிவுகள்" 1 என்று நின்றபோது, அவசரத்தில் "Set Numbering Value" எடுத்து அதற்கு 4 என்றும், "பரிந்துரைகள்" தலைப்புக்கு 5 என்றும் கொடுத்திருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகிவிடும். மறுநாள் இரண்டாம் இயலுக்கு முன்னால் ஒரு புதிய இயலைச் சேர்க்கிறோம். பழைய 2, 3 ஆகிறது. பழைய 3, 4 ஆகிறது. "முடிவுகள்" 4-லேயே நிற்கும், "பரிந்துரைகள்" 5-லேயே நிற்கும். காரணம், "எண்ணிக்கொண்டு வா" என்ற விதியை எடுத்துவிட்டு "இங்கே 4", "இங்கே 5" என்று ஆணி அடித்திருக்கிறோம். இரண்டு நான்குகள். இப்போது இன்னொரு ஆணி. இப்படிப் பத்து ஆணி அடித்த கோப்பு அடுத்தவர் கைக்குப் போகும்போது, எதைத் தொட்டால் எது அசையும் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே அடித்த ஆணிகளும் நேரடி வடிவமைப்புதான். அதனால் அவற்றைப் பிடுங்குவதும் அதே Ctrl+Q.

## பட்டியலை ஒழுங்காக இணைப்பது

மேலே தள்ளிவைத்த மருந்து இதுதான். ஒருமுறை செய்தால் போதும்.

முதல் Heading 1 தலைப்பில் கர்சரை வையுங்கள். Home தாவலில் உள்ள Multilevel List பொத்தானைத் திறந்து "Define New Multilevel List" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பெட்டியில் கீழே உள்ள More பொத்தானை அழுத்தாவிட்டால் நமக்கு வேண்டிய பகுதி தெரியாது. பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். இடப்பக்கம் நிலை 1-ஐத் தேர்ந்தெடுத்து, "Link level to style" என்ற இடத்தில் Heading 1 கொடுங்கள். நிலை 2-க்கு Heading 2, நிலை 3-க்கு Heading 3. எல்லாவற்றையும் ஒரே தடவை பெட்டியைத் திறந்து முடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் தனித்தனியாகத் திறந்து செய்தால், இயலுக்கு ஒரு நோட்டு, பிரிவுக்கு ஒரு நோட்டு என்று ஆகிவிடும் ஆபத்து உண்டு.

இதே பெட்டியில் இன்னும் இரண்டு இடங்கள் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, "Restart list after". நோட்டுக்காரர் வலப்பக்கக் கட்டத்தை எப்போது அழிக்க வேண்டும் என்பதை இதுதான் சொல்கிறது. நிலை 2-க்கு Level 1, நிலை 3-க்கு Level 2 என்று குறி இருக்க வேண்டும். நிலை 2-இல் இந்தக் குறி எடுக்கப்பட்டிருந்தால் நடுக் கட்டம் அழியவே அழியாது: 1.1, 1.2, அடுத்து இயல் 2 வந்ததும் 2.3, 2.4, இயல் 3-இல் 3.5 என்று போகும். இயல் எண் சரியாக இருந்து, பிரிவு எண் மட்டும் இயல் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் வேறெங்கும் தேட வேண்டாம், இங்கே வாருங்கள்.

இன்னொன்று, எண்ணின் வடிவத்தைக் காட்டும் சிறிய பெட்டி. நிலை 2-க்கு அதில் 1.1 என்று தெரியும். உற்றுப் பாருங்கள், இரண்டு 1-களும் சாம்பல் பின்னணியில் இருக்க வேண்டும். சாம்பல் என்றால் நோட்டின் கட்டத்திலிருந்து வரும் எண். யாராவது முதல் 1-ஐ விசைப்பலகையில் தட்டியிருந்தால் அது வெறும் எழுத்து. பின்னணி வெள்ளையாக இருக்கும். அப்போது எல்லா இயல்களிலும் 1.1, 1.2 என்றே வரும். இயல் 2, 3, 4 என்று சரியாகப் போக, பிரிவுகள் மட்டும் எங்கும் 1-இலேயே தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த எழுத்தை அழித்து, அதே இடத்தில் கர்சரை வைத்து, "Include level number from" என்பதில் Level 1-ஐத் தேர்ந்தெடுத்தால் உயிருள்ள எண் வரும். நடுவிலுள்ள புள்ளியை மட்டும் நாமே தட்டலாம்.

பின்னிணைப்புகளுக்கு A, A.1 என்று வேண்டுமா? தனிப் பட்டியல் உருவாக்காதீர்கள். இதே பட்டியலில் சும்மா கிடக்கும் நிலை 7-ஐ Heading 7-உடன் இணைத்து A என்ற வடிவமும், நிலை 8-ஐ Heading 8-உடன் இணைத்து A.1 என்ற வடிவமும் கொடுத்துவிடுங்கள்.

## அடுத்தவர் எழுதியதை ஒட்டும்போது

நம் அறிக்கையில் நீல நோட்டு உள்ளே வந்த வழி, நான்காம் இயலை அதன் சொந்த வடிவமைப்போடு ஒட்டியது. ஒட்டும்போது வரும் சிறிய வாய்ப்புகளில் "Keep Source Formatting" எடுத்தால், எழுத்தோடு பட்டியலும் சேர்ந்து வரக்கூடும். "Use Destination Styles" காட்டப்பட்டால் அதுவே நல்லது: பெயர்ச்சீட்டு மட்டும் வரும், விதிகளை நம் கோப்பு கொடுக்கும். "Keep Text Only" பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் அதில் பழைய எண்கள் வெறும் எழுத்தாக மாறி ஒட்டிக்கொள்ளும். பிறகு Heading 2 மாட்டியதும் "4.1 1.1 முதல் கட்டம்" என்று இரட்டை எண் நிற்கும், பழையதை ஒவ்வொன்றாகக் கையால் அழிக்க வேண்டும்.

எந்த வழியில் ஒட்டினாலும் ஒட்டிய உடனே, அந்த இயலின் எண்ணைக் கிளிக் செய்து மற்ற இயல்களும் சாம்பலாகின்றனவா என்று பாருங்கள். ஐந்து விநாடி வேலை. ஐந்து இயல்களையும் சேர்த்து முடித்த பிறகு பார்ப்பதைவிட, எது எப்போது நுழைந்தது என்று தெரிந்திருக்கும்போதே பார்ப்பது சுலபம்.

## தலைப்பு சரி, பொருளடக்கம் மட்டும் பழையது

எல்லாம் சரிசெய்த பிறகும் பொருளடக்கத்தில் 2.4 நிற்கலாம். "பிரிவு 2.4-ஐப் பார்க்க" என்று உள்ளே கொடுத்த குறுக்குக் குறிப்புகளும் மாறாமல் இருக்கலாம். தலைப்பு எண்கள் உடனுக்குடன் எண்ணப்படுகின்றன. பொருளடக்கமும் குறுக்குக் குறிப்பும் கடைசியாக எடுத்த நகலைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. Ctrl+A அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து F9 தட்டுங்கள். பொருளடக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்டால் "Update entire table" கொடுங்கள். மற்றது பக்க எண்களை மட்டுமே புதுப்பிக்கும். அடிக்குறிப்புகளுக்குள்ளும் உரைப்பெட்டிகளுக்குள்ளும் இருக்கும் குறிப்புகள் Ctrl+A-வில் அகப்படாது. அங்கே போய்த் தனியாக F9 தட்ட வேண்டும்.

F9-க்குப் பிறகும் ஒரு "பிரிவு 2.4" மாறாமல் நின்றால், அதன் மேல் கர்சரை வைத்துப் பாருங்கள். பின்னணி சாம்பலாகாமல், எழுத்து எழுத்தாகத் திருத்த முடிந்தால், யாரோ அதைக் கையால் தட்டியிருக்கிறார்கள். அதை அழித்துவிட்டு, References தாவலில் உள்ள Cross-reference வழியாக "பிழை அளவு" என்ற தலைப்பைச் சுட்டினால், அங்கேயும் 2.3 வந்துவிடும்.